தங்கை கல்யாணத்துக்குச் சம்பளமில்லா லீவு: சிங்கப்பூர் பெர்மிட்டில் இருப்பவர் கம்பெனியிடம் கேட்கும் முறை

கடலூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் கட்டுமான வேலைக்குப் போன ஒருவருக்கு முதல் வருடத்தில் சட்டப்படி கிடைக்கும் சம்பளத்தோடு கூடிய லீவு 7 நாள்தான். அதுவும் மூன்று மாதம் வேலை பார்த்த பிறகுதான். அதற்குப் பின் வருடத்துக்கு ஒரு நாள் கூடிக்கொண்டே போய் 14 நாளில் நின்றுவிடும். வீட்டில் தங்கைக்குக் கல்யாணம், அப்பா இல்லை, அண்ணன்தான் முன்னால் நின்று நடத்த வேண்டும் என்றால் அந்த 7 நாள் எந்த மூலைக்கு? பந்தக்கால் நடுவதற்கு முன் வந்து சேர வேண்டும், மறுவீடு முடிந்து மண்டபக் கணக்கு, சமையல் கணக்கு எல்லாம் தீர்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இரண்டு வாரமாவது ஆகும்.

மிச்ச நாளுக்கு வழி சம்பளமில்லா லீவு. குடும்ப விசேஷத்துக்காக இதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அங்கே சட்டம் கிடையாது. கம்பெனி மனது வைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அதனால் எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் பாதி காரியம் இருக்கிறது. நான் 11 வருடம் அங்கே இருந்தேன். கடைசி ஆறு வருடம் சூப்பர்வைசராக இருந்ததால் எங்கள் ஆட்களின் லீவுக் கடிதங்களை ஆபீசுக்குக் கொண்டுபோவது என் வேலை. எது கையெழுத்தாகி வந்தது, எது மேசையிலேயே கிடந்தது என்று பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

முகூர்த்தம் குறிப்பதற்கு முன்பே தொடங்குங்கள்

எல்லோரும் செய்வது இதுதான். வீட்டில் பரிசம் போட்டுவிடுவார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிடுவார்கள். அப்புறம் அம்மா போன் பண்ணி, "ஆவணி 19 முகூர்த்தம்பா, நீ எப்படியாவது வந்துடு" என்பார்கள். அன்று சைட்டில் ஆறாவது மாடிக்குக் கான்கிரீட் போடும் தேதியாக இருக்கும். கம்பி கட்டுகிற ஆளை அந்த வாரத்தில் எந்த ஃபோர்மனும் விடமாட்டார். அவர் கல்நெஞ்சுக்காரர் என்பதால் இல்லை. கம்பி வேலை முடியாமல் கான்கிரீட் லாரி வந்து நின்றால் அந்த நஷ்டம் அவர் தலையில் விழும்.

ஆகவே மாப்பிள்ளை வீட்டில் பேச்சு கனிந்து வரும்போதே அம்மாவிடம் சொல்லி வையுங்கள்: "ஜோசியர்கிட்ட ஒரே தேதி வாங்காதீங்கம்மா, மூணு முகூர்த்தம் குறிச்சு வாங்குங்க. எனக்குப் பத்து நாள் டைம் கொடுங்க, கேட்டுச் சொல்றேன்." மூன்று தேதியையும் எடுத்துக்கொண்டு ஃபோர்மனிடம் போய், "இதில் எந்த வாரம் வேலை குறைவு?" என்று கேளுங்கள். தேதி முடிவான பிறகு போய் நிற்பவனுக்கு உண்டு, இல்லை என்ற பதில்தான் வரும். மூன்று தேதியோடு போனவனிடம் ஃபோர்மன் தன் வேலைத் திட்டத்தைத் திறந்து வைத்துப் பேசுவார். இந்த வித்தியாசத்தைப் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு வாரத்தை அவரே தேர்ந்தெடுத்துச் சொல்லிவிட்டால், பிறகு ஆபீசில் உங்களுக்காகப் பேசுவதும் அவராகவே இருப்பார்.

மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசி வாரங்களுக்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும். அந்தச் சமயம் பல சைட்டுகளில் வேலை நின்றுவிடும். நம் தை மாத முகூர்த்தங்களும் பெரும்பாலும் அதை ஒட்டியே இருக்கும். சில வருடம் சீனப் புத்தாண்டு மாசிக்குத் தள்ளிப்போகும், 2026இல் பிப்ரவரி 17. அதை ஒட்டிக் கேட்டால் கம்பெனிக்கு இழப்பு குறைவு. இன்னொன்று மழை. ஐப்பசி, கார்த்திகையில் கல்யாணம் வைத்தால் ஊருக்கு வருவதை விடத் திரும்பிப் போவதுதான் கவலை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் ஊரை என்ன பாடு படுத்தியது என்பது நமக்குத் தெரியும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது சென்னை விமான நிலையமே மூடிக் கிடந்தது. அந்த மாதங்களில் திரும்பும் டிக்கெட்டுக்கும் வேலையில் சேரும் நாளுக்கும் இடையில் இரண்டு நாளாவது இருக்கட்டும்.

கம்பெனிக்கு இருக்கும் மூன்று பயம்

லீவுக் கடிதம் எழுதுகிற தம்பிகள் தங்கள் மனதில் இருப்பதைத்தான் எழுதுவார்கள். அப்பா இல்லை, ஒரே தங்கை, நான் போகாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று ஒரு பக்கம் முழுக்க இருக்கும். அதெல்லாம் உண்மைதான். ஆனால் படிக்கிறவர் மனதில் ஓடுவது வேறு. இவன் திரும்பி வருவானா? இவன் வேலையை யார் பார்ப்பது? இவன் இல்லாத நாளுக்கு எனக்கு எவ்வளவு செலவு? இந்த மூன்றுக்கும் கடிதத்தில் பதில் இருந்துவிட்டால் பெரும்பாலும் கையெழுத்தாகிவிடும்.

திரும்பி வருவானா என்ற பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆளை எடுப்பதற்கும் பயிற்சிக்கும் கம்பெனி செலவு செய்திருக்கும். ஊருக்குப் போய் அப்படியே வேறு கம்பெனியில் பெர்மிட் போட்டுக்கொண்டு வந்தவர்களை அவர்கள் பார்த்திருப்பார்கள். இதற்கு வாய்வார்த்தை போதாது. போகவும் வரவும் சேர்த்து எடுத்த டிக்கெட்டின் நகலே பதில். அனுமதி கிடைப்பதற்கு முன் பணம் கட்டி டிக்கெட் வாங்கிவிடாதீர்கள். விமான எண்களையும் தேதிகளையும் மட்டும் கடிதத்தில் எழுதி, "அனுமதி கிடைத்த மூன்று நாளில் டிக்கெட் நகல் தருகிறேன்" என்று சேருங்கள்.

யார் வேலை பார்ப்பது என்பதற்கு ஒரு ஆளைக் காட்டுங்கள். உங்கள் கேங்கில் அதே வேலை தெரிந்தவரிடம் முன்கூட்டியே பேசி, அவர் சம்மதத்தோடு அதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். அவருக்கு லீவு வேண்டிய நேரத்தில் நீங்கள் நிற்பீர்கள் என்பதும் பேச்சில் இருக்கட்டும்.

மூன்றாவது செலவு. இங்கேதான் நம் ஆட்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

லெவி: உங்கள் கையில் இருக்கும் துருப்பு

பெர்மிட்டில் இருக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் கம்பெனி அரசாங்கத்துக்கு மாதாமாதம் லெவி கட்டுகிறது. கட்டுமானத் துறையில் 2024 ஜனவரி முதல் இந்தியாவிலிருந்து வந்த ஆளுக்கு, உயர் திறன் பிரிவில் இருந்தால் மாதம் 500 சிங்கப்பூர் வெள்ளி, அடிப்படைத் திறன் பிரிவில் இருந்தால் 900 வெள்ளி. நாள் கணக்கில் முறையே 16.44, 29.59 வெள்ளி. நீங்கள் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் இது ஓடிக்கொண்டே இருக்கும். "சம்பளம் வேண்டாம், லீவு மட்டும் கொடுங்கள்" என்று நாம் கேட்கும்போது, நாம் எதையும் கேட்கவில்லை என்று நமக்குத் தோன்றும். கம்பெனி கண்ணில், அடிப்படைத் திறன் ஆளுக்கு இரண்டு வாரத்தில் 400 வெள்ளிக்கு மேல் வெறுமனே போகிறது.

ஆனால் மனிதவள அமைச்சு இதற்கு ஒரு தள்ளுபடி வைத்திருக்கிறது. பெர்மிட்காரர் லீவில் வெளிநாடு போய், தொடர்ச்சியாக 7 நாளாவது இருந்தால், அந்த நாட்களுக்கான லெவியைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கம்பெனி விண்ணப்பிக்கலாம். ஞாயிறும் இதில் ஒரு நாள்தான். ஒரு காலண்டர் வருடத்தில் ஒருவருக்கு அதிகபட்சம் 60 நாள். இது தானாக வராது. கம்பெனிதான் அமைச்சின் இணையத்தளத்தில் கேட்க வேண்டும். பெரிய கம்பெனிகளின் ஆபீஸுக்கு இது அத்துப்படி. முப்பது, நாற்பது பேரை வைத்து சப்கான்ட்ராக்ட் எடுக்கும் சின்னக் கம்பெனிகளில் முதலாளியின் மனைவியோ ஒரு கிளார்க்கோ எல்லாக் கணக்கையும் பார்ப்பார்கள். அங்கே இது விட்டுப்போவது சகஜம்.

அதனால் கடிதத்தில் பணிவாக ஒரு வரி சேருங்கள்: நான் வெளிநாட்டில் இருக்கும் நாட்களுக்கு லெவித் தள்ளுபடிக்கு விண்ணப்பிக்க உதவியாக, என் டிக்கெட்டையும் போர்டிங் பாஸையும் தருகிறேன். இந்த ஒரு வரிக்காகவே கடிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போன கிளார்க்கை எனக்குத் தெரியும். இன்னொரு பலனும் இதில் உண்டு. 5 நாள் லீவு கேட்பதை விட 14 நாள் கேட்பது கம்பெனிக்குச் செலவில் லாபம், ஏனென்றால் 7 நாளுக்குக் குறைந்தால் தள்ளுபடி கிடையாது. "கொஞ்ச நாளாகக் கேட்டால் கொடுப்பார்கள்" என்று சுருக்கிக் கேட்பதில் பெரிய அர்த்தம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. "நீ லீவு போனதால் லெவியை உன் சம்பளத்தில் பிடிப்பேன்" என்று யாராவது சொன்னால் அது தவறு. லெவி கம்பெனி கட்ட வேண்டியது. தொழிலாளியிடமிருந்து பிடிக்கக் கூடாது.

ஒரு தம்பியின் கணக்கு

நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து வந்த தம்பி ஒருவன், கம்பி கட்டுகிறவன். சேர்ந்து ஒரு வருடம் மூன்று மாதம். அடிப்படைச் சம்பளம் 780 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை. தங்கைக்கு ஆவணியில் ஒரு வியாழக்கிழமை முகூர்த்தம். கையில் சம்பளத்தோடு 5 நாள் லீவு இருந்தது.

சனிக்கிழமை வேலை முடித்து இரவு விமானத்தில் திருச்சி. அங்கிருந்து பஸ்ஸில் விருத்தாசலம் வழியாக வீடு. திரும்புவது இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிறு, திங்கள் காலை வேலை. இடையில் வேலை நாட்கள் 12. அதில் 5 நாள் சம்பளத்தோடு, 7 நாள் சம்பளமில்லாமல்.

இழப்பைக் கணக்குப் போட்டோம். அந்த மாதத்தின் வேலை நாட்கள் எத்தனையோ அதனால் மாதச் சம்பளத்தை வகுக்க வேண்டும். அந்த மாதம் 26 நாள். ஆக நாளுக்கு 30 வெள்ளி. ஏழு நாளுக்கு 210 வெள்ளி போகும். சம்பளத்தை 30ஆல் வகுத்து, ஞாயிறையும் சேர்த்து எண்ணிப் பிடிக்கும் வழக்கத்தைச் சில இடத்தில் பார்த்திருக்கிறேன். அது சரியான முறை இல்லை. வேலை நாட்களை மட்டுமே எடுக்க வேண்டும்.

அவன் எதிர்பார்க்காதது ஓவர்டைம். தினமும் 3 மணி நேரம் ஓவர்டைம் செய்துகொண்டிருந்தான். 780 வெள்ளிக்கு ஒரு மணி நேரம் 4.09 வெள்ளி, ஒன்றரை மடங்கு 6.14 வெள்ளி. 12 நாளுக்கு 36 மணி நேரம், ஏறக்குறைய 221 வெள்ளி. சம்பளத்தில் பிடிக்கிறதை விட இது பெரியது. ஆக அந்த மாதம் கைக்கு 431 வெள்ளி குறைவாக வரும். டிக்கெட் தனி. ஊரில் கல்யாணக் கடன் வாங்கும்போது, "அடுத்த மாதம் வழக்கம்போல் அனுப்பிவிடுவான்" என்று அம்மா யாரிடமும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கணக்கை முன்பே போடச் சொல்கிறேன்.

கம்பெனிப் பக்கம்: அவன் அடிப்படைத் திறன் பிரிவு. 14 நாளுக்கு லெவி 414 வெள்ளி. தள்ளுபடி கிடைத்தால் அது மிச்சம்.

இன்னொரு சின்ன விஷயம். நாமே கேட்டு எடுக்கும் சம்பளமில்லா லீவு, அடுத்த ஆண்டு லீவுக்கான சேவைக் காலத்தில் சேராது. 7 நாளுக்கு இது ஒன்றுமில்லை. இரண்டு மாதம் எடுப்பவர் கவனிக்க வேண்டும்.

கடிதம்

முதலில் ஃபோர்மனிடம் வாயால் சொல்லி, அவர் தலையாட்டிய பிறகு கடிதம். விசேஷத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் கொடுத்தால் நல்லது. ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். அந்தத் தம்பிக்கு நாங்கள் எழுதியதைத் தமிழில் தருகிறேன். உங்கள் ஆபீசில் ஆங்கிலம்தான் படிப்பார்கள் என்றால் இதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

> ஐயா,
>
> பொருள்: என் தங்கையின் திருமணத்துக்காக 5 நாள் ஆண்டு லீவும் 7 நாள் சம்பளமில்லா லீவும் வேண்டுதல்
>
> நான் நம் கம்பெனியில் கம்பி கட்டும் பிரிவில் ஒரு வருடம் மூன்று மாதமாக வேலை செய்கிறேன். என் பெர்மிட் எண், பாஸ்போர்ட் எண் கீழே உள்ளன.
>
> என் தங்கையின் திருமணம் செப்டம்பர் முதல் வாரம் வியாழக்கிழமை இந்தியாவில் கடலூரில் நடக்கிறது. என் தந்தை காலமாகிவிட்டார். எங்கள் வழக்கப்படி தந்தையின் இடத்தில் அண்ணன் நின்று திருமணத்தை நடத்த வேண்டும். பத்திரிகையும் உறவுக்கான ஆதாரமும் இணைத்துள்ளேன்.
>
> ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை வேலை முடித்து இரவு கிளம்புவேன். இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை திரும்பி, திங்கள் காலை வேலைக்கு வருவேன். சரியான தேதிகள் கீழே உள்ளன. டிக்கெட் என் செலவு. அனுமதி கிடைத்த மூன்று நாளில் இருவழி டிக்கெட்டின் நகலைத் தருவேன்.
>
> ஃபோர்மனிடம் பேசியிருக்கிறேன். அந்த இரண்டு வாரத்தில் கான்கிரீட் போடும் வேலை இல்லை என்று சொன்னார். என் பிரிவில் உள்ள நண்பர் என் வேலையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டுள்ளார்.
>
> லெவித் தள்ளுபடிக்கு விண்ணப்பிக்கத் தேவையான பயண ஆதாரங்களைத் தருகிறேன்.
>
> அனுமதியை லீவு தேதிகளுடன் எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தேதி, பெயர், கையெழுத்து, ஊரில் தொடர்புகொள்ளும் எண், பெர்மிட் எண் கடைசியில். உண்மையான கடிதத்தில் கிழமை மட்டும் போதாது, ஒவ்வொரு தேதியையும் எழுத வேண்டும்.

பொருள் வரியிலேயே 5, 7 என்று பிரித்துப் போட்டதற்குக் காரணம் உண்டு. "12 நாள் லீவு" என்று மட்டும் எழுதினால் முழுவதையும் சம்பளமில்லா லீவாகப் போட்டுவிடுவார்கள். அந்த 5 நாள் உங்களுடையது.

ஆதாரத்தில் நம் ஊர்ச் சிக்கல்

பத்திரிகையை அப்படியே கொடுத்தால் ஆபீசில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. தமிழ் மாதத் தேதி பெரிதாக இருக்கும், ஆங்கிலத் தேதி சின்னதாக இருக்கும், தெய்வத்தின் படமும் நாற்பது பெயர்களும் இருக்கும். ஒரு நகலில் ஆங்கிலத் தேதியையும் மணப்பெண் பெயரையும் உங்கள் பெயரையும் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதுங்கள். பத்திரிகை அச்சாகாமல் இருந்தால் மண்டப முன்பண ரசீது போதும். திருவந்திபுரம் போல் கோயிலில் நடத்துவதாக இருந்தால் அங்கே பதிவு செய்த ரசீது.

இன்னொரு சிக்கல் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அண்ணன் பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், தங்கை ஆதாரில் வேறு பெயர், இரண்டுக்கும் பொதுவாக ஓர் எழுத்துகூட இருக்காது. "இவள் உன் தங்கை என்று எப்படி நம்புவது?" என்று ஆபீசில் கேட்டார்கள். கேட்டவர் மேல் தப்பில்லை, அவர்கள் வழக்கத்தில் உடன்பிறந்தவர்களுக்கு ஒரே குடும்பப் பெயர். நம் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா, அம்மா பெயர் இருக்கிறது. அந்தப் பக்கத்தையும், தங்கையின் பிறப்புச் சான்றிதழ் அல்லது அப்பா பெயர் உள்ள ஏதாவது ஒரு சான்றையும் சேர்த்து வைத்தால் கேள்வி முடிந்தது. இருவர் பெயரும் இருக்கும் ரேஷன் கார்டும் உதவும்.

ஆதாரம் இல்லாத பொய்யைச் சொல்லாதீர்கள். "அம்மா சீரியஸ்" என்று போன் வரவழைத்து லீவு வாங்கியவர்கள் உண்டு. கல்யாணப் போட்டோ மறுநாளே எல்லோர் போனிலும் வந்துவிடும். அதன் பிறகு அந்தக் கம்பெனியில் நம் ஊர் ஆள் யாருக்காவது நிஜமாகவே அம்மாவுக்கு முடியாமல் போனால், அவனை யாரும் நம்பமாட்டார்கள். அப்படி நம்பாமல் விட்டு, கடைசி முகத்தைப் பார்க்க முடியாமல் போன ஒருவனை என் அறையிலேயே பார்த்தேன்.

அனுமதி எழுத்தில் வந்தால்தான் அனுமதி

இது என் சொந்த அனுபவம். என் நான்காவது வருடத்தில் அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், எனக்கு உடன்பிறந்த தம்பியும் இல்லை. அப்போதைய மேனேஜர், "போய்ட்டு வா" என்று வாயால் சொன்னார். கிளம்பிவிட்டேன். நான் ஊரில் இருக்கும்போது அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவர் பதிவைப் பார்த்தால் என் பெயருக்கு நேரே லீவு எதுவும் இல்லை. சொல்லாமல் போனவன் என்று எழுதிவிட்டார்கள். திரும்பி வந்து அதைச் சரிசெய்ய ஒன்றரை மாதம் அலைந்தேன், ஒரு மாதச் சம்பளம் தாமதமானது.

சிங்கப்பூர்ச் சட்டத்தில், அனுமதியோ தகுந்த காரணமோ இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராமல் இருந்தால், நீங்களே ஒப்பந்தத்தை முறித்ததாக எடுத்துக்கொள்ளலாம். எழுத்து இல்லாத லீவில் மூன்றாவது நாளே நீங்கள் அந்த இடத்தில் நிற்கிறீர்கள். கடிதத்தின் நகலில் கையெழுத்தும் கம்பெனி முத்திரையும் வாங்குங்கள். அதற்கு அவர்கள் யோசித்தால், "ஆகஸ்ட் இந்தத் தேதி முதல் செப்டம்பர் இந்தத் தேதி வரை லீவுக்கு நன்றி, திங்கள் வேலைக்கு வருகிறேன்" என்று வாட்ஸாப்பில் அனுப்பி, அவர்கள் "சரி" என்று போட்டதைப் படம் எடுத்து வீட்டுக்கும் அனுப்பி வையுங்கள். வாய்வார்த்தைக்கு இது எவ்வளவோ மேல்.

"திரும்பி வருவாய் என்பதற்கு 1,000 வெள்ளி கட்டிவிட்டுப் போ" என்றோ, "இந்த மாதச் சம்பளம் நீ வந்த பிறகு" என்றோ சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள், ஓவர்டைம் பணம் 14 நாளுக்குள் வந்தாக வேண்டும். லீவில் போவது அதை நிறுத்தி வைக்கக் காரணமில்லை. பணிவாக, "அண்ணே, டிக்கெட் காட்டுகிறேன், பணம் பிடிக்காதீர்கள்" என்று சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் வெளிநாட்டுத் தொழிலாளர் நிலையத்தில் போய்க் கேளுங்கள்.

முடியாது என்றே சொல்லிவிட்டால், காரணம் கேளுங்கள். தேதி காரணமென்றால் இரண்டாவது முகூர்த்தம் கையில் இருக்கிறது. நாள் அதிகம் என்றால் 12 வேலை நாளை 8 ஆக்கலாம், ஆனால் மொத்தம் 7 நாளுக்குக் கீழே போகாதபடி. அதற்கும் ஒத்துவரவில்லை என்றால் கோபத்தில் டிக்கெட் போட்டுவிடாதீர்கள். பெர்மிட் முடிந்து புதுப்பிக்கும் நேரம் பக்கத்தில் இருந்தால், அதை ஒட்டி லீவு கேட்பது பலருக்குப் பலித்திருக்கிறது.

கிளம்பும் வாரம்

பாஸ்போர்ட் கம்பெனியில் இருந்தால் இரண்டு வாரம் முன்பே கேட்டு வாங்குங்கள். அதை அவர்கள் பிடித்து வைத்துக்கொள்ளவே கூடாது, ஆனால் கடைசி நாள் சாவி இருக்கிறவர் லீவு என்ற கதை நடக்கும். பெர்மிட் முடியும் தேதியைப் பாருங்கள். நீங்கள் ஊரில் இருக்கும்போது அது முடிகிறது என்றால், புதுப்பித்த பிறகே கிளம்ப வேண்டும். பெர்மிட் உயிரோடு இருக்கிறதா என்று `SGWorkPass` செயலியில் நீங்களே பார்க்கலாம். கிளம்பும் முன் ஒரு முறையும், திரும்பும் டிக்கெட்டுக்கு இரண்டு நாள் முன் ஒரு முறையும் பாருங்கள். ஊரில் இருக்கும்போது ஆளுக்குத் தெரியாமல் பெர்மிட் ரத்தான கதையும் உண்டு. அதை விமான நிலையத்தில் தெரிந்துகொள்வதை விட வீட்டில் தெரிந்துகொள்வது நல்லது, கையெழுத்தான கடிதத்தை வைத்துக் கேட்கவும் நேரம் இருக்கும்.

சம்பளச் சீட்டுகள், ஒப்பந்தம், பெர்மிட்டுக்கு முன் வந்த ஐபிஏ அனுமதிக் கடிதம், லீவு அனுமதி எல்லாவற்றையும் படமெடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது

சிங்கப்பூர் வந்து இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் `SG Arrival Card` நிரப்ப வேண்டும். அதற்குப் பணம் கிடையாது. பணம் கேட்கும் இணையத்தளம் எதுவும் போலி, வெளியே ஏஜெண்டுக்கு 500 ரூபாய் கொடுக்கவும் தேவையில்லை.

விமானம் ரத்தானாலோ மழையில் வழி அடைபட்டாலோ, வேலையில் சேர வேண்டிய நேரத்துக்கு முன்பே ஃபோர்மனுக்கும் ஆபீசுக்கும் செய்தி போட்டுவிடுங்கள். ரத்தான செய்தியின் படமும், புது டிக்கெட்டும் கூடவே. இரண்டு நாள் கழித்து வந்து விளக்குவது வேறு, முதல் நாள் காலையிலேயே தெரிவிப்பது வேறு. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது.

வேலையில் சேர்ந்த அன்றே போர்டிங் பாஸ் இரண்டையும் ஆபீசில் கொடுத்து, லெவித் தள்ளுபடிக்கு என்று சொல்லுங்கள். அந்த மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் உட்கார்ந்து பாருங்கள். பிடித்தது 7 நாளுக்கா 12 நாளுக்கா, வகுத்தது 26ஆலா வேறு எண்ணாலா என்று. நெல்லிக்குப்பம் தம்பிக்கு 12 நாளும் பிடித்திருந்தார்கள், 360 வெள்ளி. பொருள் வரியில் 5, 7 என்று எழுதிக் கையெழுத்தான நகலைக் காட்டினான். அடுத்த சம்பளத்தில் 150 வெள்ளி சேர்ந்து வந்தது.